பச்சை மிளகாய்க்குப் பதில் மிளகாய்த்தூள்: வெள்ளைக் குருமாவில் அதே காரம் வர எவ்வளவு போடுவது?

வள்ளி_கானாடுகாத்தான்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பழைய வீட்டின் ஒரு பகுதியில் வெளியூர் விருந்தினர்கள் வந்து தங்குகிறார்கள். காலையில் இடியாப்பமும் வெள்ளைக் குருமாவும்தான் அதிகம் போகும். குருமாவுக்குத் தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, கொஞ்சம் முந்திரியோடு ஆறு பச்சை மிளகாய் அரைத்து விடுவேன். அதோடு இரண்டைக் கீறித் தாளிப்பில் போடுவேன். ஐந்து பேருக்கு மொத்தம் எட்டு.

பிரச்சினை என்னவென்றால், ஒரு நாள் வரும் மிளகாய் போல மறுநாள் வருவதில்லை. ஒரு வாரம் சப்பென்று இருக்கிறது, அடுத்த வாரம் சாப்பிடுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். மழைக் காலத்தில் மிளகாயே அழுகலாக வருகிறது. தூளுக்கு மாறினால் அளவு நிலையாக இருக்கும் என்று நினைக்கிறேன். தேடிப் பார்த்ததில் "ஒரு பச்சை மிளகாய்க்கு அரை டீஸ்பூன் தூள்" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் எட்டுக்கு நான்கு டீஸ்பூன். கேட்கவே பயமாக இருக்கிறது. சரியான கணக்கு யாருக்காவது தெரியுமா? நிறம் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை, காரம் அதே அளவு வேண்டும்.

ராமு_தேவகோட்டை

அரை டீஸ்பூன் கணக்கு சரிதான் தங்கச்சி, எங்கள் வீட்டிலும் அதுதான். பச்சை மிளகாயில் காரமெல்லாம் விதையில்தான் இருக்கிறது. தூளில் விதையோடு சேர்த்து அரைத்திருப்பார்கள், அதனால் காரம் முழுசாக வந்துவிடும். நான்கு டீஸ்பூன் அதிகம் என்று தோன்றினால் மூன்று போடுங்கள். நிறம் மாறக் கூடாது என்றால் வெள்ளை மிளகுத் தூள் அதே அளவு போடலாம். காரம் காரம்தானே.

பள்ளத்தூர் ஆச்சி

காரம் கூடிப் போனால் குருமாவில் தண்ணீர் ஊற்றாதே ஆத்தா. தண்ணீர் ஊற்றினால் ருசிதான் நீர்த்துப் போகும், காரம் போகாது. இன்னும் ஒரு பிடி தேங்காய் அரைத்து விடு, உருளைக்கிழங்கு ஒன்றை வேகவைத்து மசித்துச் சேர். அந்தக் காலத்தில் கல்யாண வீட்டில் குருமா காரமாகிவிட்டால் முதல் தேங்காய்ப் பால் எடுத்து ஊற்றுவார்கள்.

வள்ளி_கானாடுகாத்தான்

ஆச்சி, காரம் கூடியதைக் குறைப்பது என் கேள்வி இல்லை. பச்சை மிளகாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தூள் எவ்வளவு என்றுதான் கேட்டேன். ஆனாலும் நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், என்றைக்காவது கட்டாயம் தேவைப்படும்.

அரவை மில் சேது

காரைக்குடிப் பக்கம் சின்ன அரவை மில் வைத்திருக்கிறேன், மிளகாய் தினமும் கையில் புழங்கும் சரக்கு. அக்கா, நான்கு டீஸ்பூனை மட்டும் போட்டுவிடாதீர்கள். விருந்தினர் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு எடையில் பாருங்கள். பச்சை மிளகாயில் பெரும்பகுதி தண்ணீர். நூறு கிராமுக்கு 88 கிராம் போலத் தண்ணீர் போக, மீதி 12 கிராம்தான் சரக்கு. தூளிலும் கொஞ்சம் ஈரம் உண்டு, பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே, ஒரே இன மிளகாய் என்றால், பச்சை மிளகாயின் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தூள் போட்டால் சமமாகிவிடும். காம்பைக் கிள்ளிய பிறகு நிறுக்க வேண்டும்.

நடுத்தர அளவு மிளகாய் ஒன்று காம்பில்லாமல் நான்கு, நான்கரை கிராம் இருக்கும். அதில் எட்டில் ஒரு பங்கு அரை கிராமுக்குச் சற்று மேலே. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள் இரண்டரை கிராம் போல வரும். அதாவது ஒரு மிளகாய்க்குக் கால் டீஸ்பூன்கூட முழுசாக வேண்டாம். இணையத்தில் சுற்றும் அரை டீஸ்பூன் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல். அதை எழுதியவர் வீட்டில் எந்தத் தூள் இருந்ததோ தெரியாது. நம் பக்கம் பல வீடுகளில் "மிளகாய்த்தூள்" என்றாலே குழம்புத் தூள்தான், மல்லி, சீரகம் எல்லாம் சேர்ந்தது. அதில் மிளகாய் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் இருக்கும். அந்தத் தூளுக்கு அரை டீஸ்பூன் பொருந்தலாம். அதை வெள்ளைக் குருமாவில் போட்டால் மல்லி வாசனை ஏறி அது குருமாவாக இருக்காது, அது வேறு கதை.

ராமு அண்ணே சொன்ன விதை விஷயம் பாதி சரி. காரம் ஊறுவது விதையில் இல்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில். நரம்போடு உரசிக் கிடப்பதால் விதைமேல் காரம் படிகிறது. மிளகாயைக் கீறி விதையை மட்டும் தட்டிவிட்டு நரம்பை அப்படியே விட்டால் காரம் பெரிதாகக் குறையாது. நரம்பைச் சுரண்டி எடுத்துப் பாருங்கள், அப்புறம் அந்த மிளகாயைக் காய் மாதிரி தின்னலாம்.

ராமு_தேவகோட்டை

சரி தம்பி, நரம்பு என்றே வைத்துக்கொள்வோம். மிளகு ஏன் கூடாது? மிளகாய் வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் மிளகில்தானே சமைத்தார்கள்?

அரவை மில் சேது

கூடாது என்று சொல்லவில்லை அண்ணே. அதே அளவு போட்டால் அதே காரம் வராது என்றுதான் சொல்கிறேன். மிளகின் காரப்பொருள் வேறு, மிளகாயுடையது வேறு. தனியாகப் பிரித்தெடுத்து ஒப்பிட்டால் மிளகுடையது நூறு மடங்குக்கு மேல் வீரியம் குறைந்தது. மிளகில் அந்தப் பொருள் நிறைய இருப்பதால்தான் நமக்கு உறைக்கவே உறைக்கிறது. அப்படியிருந்தும் மிளகாய்த்தூள் நான்கு கிராம் தரும் காரத்துக்கு மிளகு அதைப் போல நான்கைந்து மடங்காவது வேண்டியிருக்கும். பதினைந்து இருபது கிராம் மிளகு போட்ட குருமாவுக்கு மிளகுக் குழம்பு என்றே பெயர் வைத்துவிடலாம். வெள்ளை மிளகு ஒரு சிட்டிகை வாசனைக்குப் போடுங்கள், காரக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

தெய்வானை_கோலாலம்பூர்

நான் இங்கே மலேசியாவில் இருக்கிறேன். பூர்வீகம் புதுவயல். எனக்கு வள்ளியின் நிலைமைக்கு நேர் எதிர். இங்கே கடையில் சுலபமாகக் கிடைப்பது சிலி பாடி, சின்னதாக விரல் நுனி அளவு இருக்கும். அம்மா எழுதிக் கொடுத்த குருமாவில் எட்டுப் பச்சை மிளகாய் என்று இருந்தது, எட்டுச் சிலி பாடி அரைத்து ஊற்றினேன். பிள்ளைகள் அன்றைக்கு வெறும் இடியாப்பமும் சீனியும்தான் சாப்பிட்டார்கள். இப்போது மூன்று போடுகிறேன், அதுவே போதும். சேது சொல்லும் எட்டில் ஒரு பங்கு இதற்கும் பொருந்துமா?

அரவை மில் சேது

பொருந்தாது அக்கா. அதனால்தான் "ஒரே இன மிளகாய் என்றால்" என்று முதலிலேயே போட்டேன். சிலி பாடி எடையில் ஒன்று, ஒன்றரை கிராம்தான் இருக்கும், ஆனால் கிராமுக்குக் கிராம் நம் ஊர் மிளகாயைவிட மிகவும் காரம். அதற்குப் பதிலாக நம் சம்பா தூள் போடுவதென்றால் எட்டில் ஒரு பங்கு பற்றாது, அதைப் போல இரண்டு மடங்காவது ஆகும்.

தூள் பக்கத்திலும் இதே தொல்லைதான். காஷ்மீரி என்றோ பியாட்கி என்றோ போட்ட தூள் நிறத்துக்காக வாங்குவது, காரம் மிகக் குறைவு. எட்டில் ஒரு பங்கு என்று அதைப் போட்டால் குருமா சிவக்கும், நாக்கில் ஒன்றும் தெரியாது. குண்டூர் மிளகாயில் அரைத்த தூள் அதற்கு நேர் எதிர். அது கையில் இருந்தால் முதலில் முக்கால் பங்கு போட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். நம் பக்கம் அரைக்கும் சம்பா மிளகாய்த் தூளை நடுத்தரமாக வைத்துக்கொண்டு நான் கணக்குச் சொல்கிறேன்.

இன்னொன்று, விலை குறைந்த தூளில் காம்போடு அரைத்திருப்பார்கள். காம்பில் காரம் இல்லை, எடை மட்டும் உண்டு. முடிந்தால் வற்றலை வாங்கி, காம்பு கிள்ளி, வெயிலில் காயவைத்து நீங்களே மில்லில் கொடுத்து அரையுங்கள். சூடு ஆறாமல் டப்பாவில் அடைக்காதீர்கள். ஒரு தடவை அரைத்தது தீரும்வரை காரம் ஒரே நிலையில் இருக்கும், நீங்கள் கேட்பதும் அதைத்தானே.

ராமு_தேவகோட்டை

சம்பாவைவிடக் குண்டு மிளகாய்தான் காரம். ராமநாதபுரம் குண்டுக்குப் புவிசார் குறியீடே கொடுத்தாயிற்று, 2023இல்.

அரவை மில் சேது

குறியீடு கொடுத்தது காரப் போட்டியில் ஜெயித்ததற்கு இல்லை அண்ணே. அந்த மண்ணில் விளையும் அந்த உருண்டை மிளகாய்க்கென்று ஒரு தனித்தன்மை இருக்கிறது, அதற்கு. தோல் தடிமன், எண்ணெயில் பொரித்தால் தனி மணம். சாம்பாருக்கும் தாளிப்புக்கும் அது ராஜா. காரத்தில் என் மில்லுக்கு வரும் குண்டு, சம்பாவுக்கு ஒரு படி கீழேதான்.

ராமு_தேவகோட்டை

உங்கள் மில்லுக்கு நல்ல குண்டு வரவில்லை என்று அர்த்தம். முதுகுளத்தூர்ப் பக்கம் காட்டில் பறித்ததை ஒரு முறை வாங்கி அரையுங்கள், அப்புறம் பேசலாம்.

வள்ளி_கானாடுகாத்தான்

குண்டுச் சண்டையை இரண்டு பேரும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சேது, இன்றைக்கு வந்த மிளகாயை நிறுத்துப் பார்த்தேன். காம்பு கிள்ளிய பிறகு எட்டு மிளகாய் சரியாக 36 கிராம். தூள் வீட்டில் காயவைத்து அரைத்த சம்பா. எட்டில் ஒரு பங்கு என்றால் நாலரை கிராம், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டீஸ்பூன். இதை அப்படியே போட்டுவிடலாமா?

அரவை மில் சேது

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது அக்கா, பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஆறை அரைக்கிறீர்கள், இரண்டைக் கீறிப் போடுகிறீர்கள். இரண்டும் ஒரே கணக்கு இல்லை.

அரைத்த மிளகாயின் காரம் முழுக்கக் குருமாவில் கலந்துவிடும், தப்பிக்க வழியில்லை. கீறிய மிளகாய் அப்படியில்லை. காரப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் தேங்காய்ப் பாலின் கொழுப்பிலும்தான் கரையும். மிளகாயின் தோலும் வழவழப்பாக, எதையும் சுலபத்தில் வெளியே விடாது. பத்து நிமிடம் கொதிக்கும்போது கீறல் வழியாகக் கொஞ்சம்தான் இறங்கும். மீதி மிளகாய்க்குள்ளேயே இருக்கும். சாப்பிடுகிறவர் அதை இலையோரம் ஒதுக்கிவைத்துவிடுவார், காரமும் அதோடு ஓரம் போய்விடும். அதனால் கீறிப் போட்டதை மூன்றில் ஒரு பங்காக மட்டும் நான் எடுத்துக்கொள்வேன். இது கைப்பழக்கத்தில் வந்த அளவு. நீளமாக இரண்டாகப் பிளந்தால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், நுனியில் மட்டும் ஒரு கீறல் என்றால் அதைவிடக் குறைவு. பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்கினால் முக்கால் பங்கு இறங்கிவிடும்.

உங்கள் கணக்கை இப்போது போடுவோம். அரைக்கும் ஆறு மிளகாய் 27 கிராம், அதில் எட்டில் ஒரு பங்கு ஏறக்குறைய 3.4 கிராம். கீறும் இரண்டு 9 கிராம், எட்டில் ஒரு பங்கு 1.1, அதில் மூன்றில் ஒன்று 0.4. கூட்டினால் 3.8 கிராம். தலை தட்டி ஒன்றரை டீஸ்பூன். நீங்கள் எட்டையும் கீறி மட்டும் போடுகிறவராக இருந்திருந்தால் அரை டீஸ்பூனுக்குச் சற்று மேலே போதும். எட்டு மிளகாய் என்ற எண்ணிக்கை ஒன்றுதான், தூளின் அளவு இரண்டரை மடங்கு வித்தியாசப்படுகிறது. இதைச் சொல்லாமல் ஒரு மிளகாய்க்கு இவ்வளவு என்று யார் எழுதினாலும் அதில் பிரயோசனம் இல்லை.

முதல் தடவை ஒரு டீஸ்பூனோடு நிறுத்துங்கள். பத்து நிமிடம் கொதித்த பிறகு ருசி பார்த்துவிட்டு மீதி அரையைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றி, இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

கார்த்தி_விடுதி

அண்ணா, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சென்னையில் அறையில் தங்கிப் படிக்கிறேன், ஊர் கோட்டையூர். என்னிடம் மிளகாயும் இல்லை, தூளும் இல்லை. பீட்சா வாங்கும்போது வந்த சில்லி ஃப்ளேக்ஸ் பாக்கெட் ஒரு டப்பா நிறைய சேர்ந்திருக்கிறது. அதை வைத்து உருளைக்கிழங்குக் குருமா வைக்கலாமா? எவ்வளவு போடுவது?

அரவை மில் சேது

வைக்கலாம் தம்பி, ஆனால் தூள் மாதிரி நினைத்துப் போடாதே. பாக்கெட்டைக் கொட்டிப் பார், மஞ்சளாகத் தெரிவதெல்லாம் விதை. மேலே சொன்னேனே, விதையில் சொந்தமாகக் காரம் இல்லை. அதனால் எடைக்கு எடை தூளைவிடக் கொஞ்சம் காரம் குறைவு. தவிர ஃப்ளேக்ஸ் ஸ்பூனில் இடைவெளி விட்டு நிற்கும். ஒரு டீஸ்பூன் ஒன்றரை, இரண்டு கிராம்தான் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தூள் ஒரு டீஸ்பூன் போடும் இடத்தில் ஃப்ளேக்ஸ் இரண்டு டீஸ்பூன் ஆகும்.

போட்டவுடன் காரம் தெரியாது. கொதிக்கும்போது ருசி பார்த்துவிட்டு, பற்றவில்லை என்று மேலும் மேலும் தட்டுவதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். அரைமணி நேரம் கழித்து அது தன் வேலையைக் காட்டும். மிக்ஸி இருந்தால் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே தேங்காயில் சேர்த்து அரைத்துவிடு. அப்புறம் அதுவும் தூளும் ஒன்றுதான்.

கார்த்தி_விடுதி

மிக்ஸி இல்லை அண்ணா. ஒரு மின்அடுப்பும் ஒரு வாணலியும்தான்.

அரவை மில் சேது

அப்படியென்றால் எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து அதில் ஃப்ளேக்ஸைப் போட்டு ஐந்து நிமிடம் அப்படியே விடு. எண்ணெய் சிவந்துவிடும், காரமும் அதில் இறங்கிவிடும். அந்த எண்ணெயிலேயே வெங்காயத்தை வதக்கிக்கொள்ளலாம். அடுப்பு எரியும்போது போட்டால் கருகும், அறையில் இருப்பவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடுவார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

தூள் போடுவதிலும் அதுதான் விஷயம். எண்ணெய் புகையும்போது தூளைப் போட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிக் கசந்துவிடும். அந்தக் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது, சட்டியைக் கழுவி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். வெங்காயம் வதங்கியதும் தீயைக் குறைத்துத் தூளைத் தூவி, இரண்டு புரட்டுப் புரட்டி உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். சிவப்பு பழுப்பாக மாற விடக் கூடாது.

ஆனால் வெள்ளைக் குருமாவில் தூள் என்பதே எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அப்புறம் அதற்கு ஏன் வெள்ளை என்று பெயர்?

அரவை மில் சேது

ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. வெள்ளைக் குருமாவுக்கு மட்டும் ஒரு திருத்தம். மிளகாயின் சிவப்பும் எண்ணெயில்தான் கரையும். தூளை எண்ணெயில் புரட்டினால் நிறம் பிரிந்து குருமாவின் மேலே சிவப்பாக மிதக்கும். எண்ணெயில் காட்டாமல் தேங்காயோடு சேர்த்து அரைத்துவிட்டால் நிறம் அவ்வளவு எழும்பாது, வெளிர் ஆரஞ்சோடு நின்றுவிடும். ஆனால் தூளின் பச்சை வாசனை போகக் கூடுதலாக எட்டு, பத்து நிமிடம் சின்னத் தீயில் கொதிக்க வேண்டும். தேங்காய் திரிந்துவிடாமல் அடிக்கடி கிளற வேண்டும். முழு வெள்ளையாகவும் வேண்டும், மிளகாய்க் காரமும் வேண்டும் என்றால் பச்சை மிளகாய்தான், வேறு வழி கிடையாது.

தெய்வானை_கோலாலம்பூர்

காரம் சரி, வாசனை? தூள் போட்டு ஒரு தடவை செய்தபோது காரம் இருந்தது, ஆனால் ஏதோ ஓட்டல் குருமா மாதிரி இருந்தது. பச்சை மிளகாயின் அந்தப் பச்சை மணம் இல்லாமல் எனக்கு அது குருமாவே இல்லை.

அரவை மில் சேது

அந்த மணத்தைத் தூள் தராது, மிளகாய் பழுத்துக் காயும்போதே அது போய்விடுகிறது. அதே மணம் பச்சைக் குடைமிளகாயில் இருக்கிறது அக்கா, காரம் மட்டும் இல்லை. கால் குடைமிளகாயை நரம்பு நீக்கிப் பொடியாக நறுக்கி, இறக்குவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்னால் போடுங்கள். அரைத்து ஊற்றாதீர்கள், பச்சை வாடை தூக்கிவிடும். கொத்தமல்லித் தண்டையும் கொஞ்சம் சேர்க்கலாம். முழுக்க அதே மாதிரி ஆகாது, ஆனால் ஓட்டல் சாயல் குறையும்.

வள்ளி_கானாடுகாத்தான்

நேற்றுச் செய்து பார்த்தேன். மிளகாய் போடாமல் காயையும் தாளிப்பையும் ஒன்றாக வேகவைத்து, இரண்டு பாத்திரத்தில் சரிபாதியாகப் பிரித்துவிட்டேன். ஒன்றில் பழைய முறைப்படி பச்சை மிளகாய், மூன்று அரைத்து ஒன்று கீறி. இன்னொன்றில் சேது சொன்ன ஒன்றரை டீஸ்பூனில் பாதி, அதாவது முக்கால் டீஸ்பூன், தேங்காயோடு அரைத்து. இரண்டும் ஒரே நேரம் கொதித்தன.

இறக்கியவுடன் பார்த்தபோது தூள் போட்டதுதான் காரமாகத் தெரிந்தது. அரைமணி நேரம் கழித்து, நடுவில் ஒரு வாய் தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. வீட்டுக்காரர் மட்டும் தூளில்தான் காரம் கூடுதல் என்றார். எது எது என்று அவருக்குச் சொல்லவில்லை, ஆனால் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார். கண்ணைக் கட்டிவிட்டா ஊட்ட முடியும்.

சாயங்காலம் மிச்சத்தைச் சூடு பண்ணினால் பச்சை மிளகாய் போட்டது காலையைவிட நன்றாக உறைத்தது. தூள் போட்டது காலையில் இருந்த மாதிரியே இருந்தது. இது ஏன்?

அரவை மில் சேது

கீறிய மிளகாய் உள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது. மறுபடி சூடு பண்ணியபோது மென்மையாகி மீதிக் காரத்தையும் விட்டுவிட்டது. தூளில் இனிமேல் வருவதற்கு எதுவும் பாக்கி இல்லை. வைத்திருந்து பரிமாறும் குருமா என்றால் கீறிய மிளகாயைக் கொதித்ததும் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். அடுத்த தடவை ஒன்றேகால் போட்டு அவரிடமே கொடுங்கள்.

ராமு_தேவகோட்டை

நான் சொல்லட்டுமா, தூள் காரம் நாக்கு நுனியில் சுருக்கென்று பிடிக்கும், பச்சை மிளகாய்க் காரம் தொண்டையில் நிற்கும். அளவு ஒன்றாக இருந்தாலும் அது வேறு இது வேறு. அவர் சொல்வது அதைத்தான்.

அரவை மில் சேது

இரண்டிலும் இருப்பது ஒரே காரப்பொருள்தான் அண்ணே. ஆனால் நிறைய பேர் நீங்கள் சொல்கிற மாதிரியே சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. தூள் குருமா முழுக்கப் பரவியிருப்பதால் ஒவ்வொரு வாயிலும் முதலிலிருந்தே உறைக்கும், ஒருவேளை அதனாலும் இருக்கலாம்.

கார்த்தி_விடுதி

அணைத்த எண்ணெயில் ஃப்ளேக்ஸ் போட்டுச் செய்துவிட்டேன் அண்ணா. இரண்டு டீஸ்பூன் போட்டேன், நாலு பேருக்குச் சரியாக இருந்தது. எண்ணெய் மட்டும் மேலே சிவப்பாக நின்றது. வெள்ளைக் குருமா என்று சொன்னதற்கு அறையில் யாரும் நம்பவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி

அதற்குப் பெயர் உருளைக்கிழங்கு மசாலா. கொஞ்சம் தக்காளியும் போட்டுப் பூரிக்குத் தொட்டுக்கொள், நன்றாக இருக்கும்.

வள்ளி_கானாடுகாத்தான்

இன்றைக்கு ஒன்றேகால் டீஸ்பூன், கால் குடைமிளகாய் கடைசியில் போட்டுச் செய்தேன். விருந்தினர் ஐந்து பேரில் நான்கு பேர் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் இப்போது காரம் பற்றவில்லை என்கிறார். நாளைக்கு ஒன்றரைக்கே போய்விடுகிறேன்.

சேது, உங்கள் மில்லில் குண்டையும் சம்பாவையும் தனித்தனியாகக் கால் கால் கிலோ அரைத்துத் தருவீர்களா? ராமு அண்ணன் முதுகுளத்தூர்க் குண்டு வாங்கி அனுப்புகிறேன் என்று தனியாகச் செய்தி போட்டிருக்கிறார்.

அரவை மில் சேது

தருகிறேன் அக்கா, காம்பு கிள்ளிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வெயிலில் போட்டுக் காயவைக்க வேண்டும், ஒன்றில் ஈரம் கூடினால் எடைக் கணக்கே தப்பாகிவிடும்.

ராமு_தேவகோட்டை

கிள்ளியே அனுப்புகிறேன். ருசி பார்க்கும்போது நானும் இருப்பேன்.